இழுபறி விடைகளுக்கு எப்படி மார்க் போடுவது: பேப்பர் திருத்தும் கற்பித்தல் உதவியாளர்களுக்கு

வணக்கம். சோதனைக்காக உங்கள் ஐந்து பேருக்கும் கொடுத்த ஆறு விடைத்தாள்களும் திரும்பி வந்துவிட்டன. முழுதும் சரியான விடைக்கும் முழுதும் தவறான விடைக்கும் எல்லோரும் ஒரே மார்க்தான் போட்டிருக்கிறீர்கள். நடுவில் இருக்கும் இழுபறி விடைகளில்தான் ஆளுக்கொரு மார்க். இது உங்கள் குறை என்று நினைக்க வேண்டாம். 1912, 1913 ஆண்டுகளிலேயே அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் ஒரே விடைத்தாளின் நகல்களை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். கருத்துக்கு இடமே இல்லை என்று நாம் நினைக்கும் வடிவியல் தாளுக்கே முப்பதுக்குக் குறைவாகவும் மார்க் வந்தது, தொண்ணூறுக்கு மேலும் வந்தது.

நம்மிடம் விடைக்குறிப்பு இருக்கிறது, அதனால் அவ்வளவு மோசமாகாது. ஆனால் விடைக்குறிப்பை எழுதும்போது யாருக்கும் தோன்றாததை மாணவர்கள் எழுதுவார்கள். கீழே ஒவ்வொரு தலைப்பும் திருத்தும்போது உங்களுக்குத் தென்படக்கூடிய ஓர் அறிகுறி. எது தென்படுகிறதோ அந்த இடத்தைப் படித்தால் போதும். எல்லாவற்றுக்கும் மூன்றாம் கேள்வியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், தகராறு அதிகம் வந்தது அதில்தான்.

கேள்வி இது. 20 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பந்து கிடைமட்டமாக விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எறியப்படுகிறது. காற்றுத் தடை இல்லை, g = 9.8. (அ) தரையை அடையும் நேரம், 4 மார்க். (ஆ) கிடைமட்டத்தில் கடந்த தூரம், 2 மார்க். (இ) தரையில் மோதும்போது வேகம், 3 மார்க். (ஈ) எறியும் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் நேரம் மாறாதது ஏன், 3 மார்க்.

விடைக்குறிப்பின் சுருக்கம்:

```
அ1 தொடக்கச் செங்குத்து வேகம் சுழி
அ2 சரியான சமன்பாடு  h = ½ g t²
அ3 மதிப்புகளைப் பிரதியிடுதல்
அ4 விடை 2.0 s
ஆ1 R = 15 × t
ஆ2 விடை 30 m
இ1 செங்குத்து வேகம் 19.8 m/s
இ2 இரண்டு வேகக் கூறுகளையும் பித்தாகரஸ் முறையில் சேர்த்தல்
இ3 விடை 24.8 m/s (இ2 இருந்தால் மட்டும்)
ஈ1 கிடைமட்ட வேகம் செங்குத்து இயக்கத்தைப் பாதிக்காது
ஈ2 செங்குத்து முடுக்கம் g மட்டுமே, அது மாறவில்லை
ஈ3 உயரமும் தொடக்கச் செங்குத்து வேகமும் மாறவில்லை
```

ஒவ்வொரு வரிக்கும் ஒரு மார்க். உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான்.

அறிகுறி: ஒரே விடைக்கு நீங்கள் 3, பக்கத்தில் இருப்பவர் 1

சோதனைத் தாள்களில் நிஜமாகவே இது நடந்தது. மாணவர் (ஈ)-க்கு எழுதியது: "பந்தை எவ்வளவு வேகமாக எறிந்தாலும் புவியீர்ப்பு கீழே இழுப்பது ஒரே அளவுதான். உயரமும் அதே 20 மீட்டர்தான். அதனால் நேரம் மாறாது."

முதலில் செய்ய வேண்டியது, மொத்தத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்துவது. "இவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது, மூன்று தரலாம்", "இல்லை, மேலோட்டமாக எழுதியிருக்கிறார்" என்று பேசிக்கொண்டே போனால் எந்த முடிவும் வராது. எந்த வரியில் வேறுபடுகிறீர்கள் என்று பாருங்கள். இந்த விடையில் ஈ2 இருக்கிறது, அதில் இருவருக்கும் சந்தேகமில்லை. தகராறு ஈ1, ஈ3 இரண்டில்தான்.

ஈ1-ஐ எடுத்துக்கொள்வோம். 3 போட்டவர், "எவ்வளவு வேகமாக எறிந்தாலும்" என்பதிலேயே அந்தக் கருத்து இருக்கிறது என்கிறார். 1 போட்டவர், கிடைமட்டம், செங்குத்து என்ற சொற்களே விடையில் இல்லையே என்கிறார். இங்கே விடைக்குறிப்புதான் தெளிவாக இல்லை. கருத்து போதுமா, கலைச்சொல்லும் வேண்டுமா என்று அது சொல்லவில்லை. இப்படித் தெளிவில்லாத இடத்தில் நீங்களாக முடிவெடுக்காமல் என்னிடம் அனுப்புங்கள். என் முடிவு: எறியும் வேகம் விழுவதை மாற்றாது என்ற பொருள் வந்தால் போதும், கலைச்சொல் தேவையில்லை. ஈ1 உண்டு.

ஈ3 வேறு மாதிரி. விடைக்குறிப்பு "உயரமும் தொடக்கச் செங்குத்து வேகமும்" என்று இரண்டையும் கேட்கிறது. மாணவர் உயரத்தை மட்டும் சொன்னார். இங்கே விடைக்குறிப்பு தெளிவாக இருக்கிறது, நமக்குத்தான் அது கொஞ்சம் கறாராகத் தெரிகிறது. தெளிவான வரியை நீங்களும் தளர்த்தக் கூடாது, திருத்தும் வேலையின் நடுவில் நானும் தளர்த்த மாட்டேன். ஈ3 இல்லை. ஆக மொத்தம் 2.

"மூன்றுக்கும் ஒன்றுக்கும் சராசரி இரண்டுதானே, அப்படியே போட்டிருக்கலாமே" என்று ஒருவர் கேட்டார். எண் பொருந்தியது தற்செயல். அடுத்த தாளில் ஒருவர், "கிடைமட்ட இயக்கமும் செங்குத்து இயக்கமும் தனித்தனியானவை, அதனால் நேரம் மாறாது" என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்கும் அதே இருவர் 3, 1 என்றுதான் போட்டிருந்தார்கள். வரிவரியாகப் பார்த்தால் அதில் ஈ1 மட்டும்தான் இருக்கிறது. சராசரி எடுத்திருந்தால் ஒரு கருத்து எழுதியவருக்கும் இரண்டு கருத்து எழுதியவருக்கும் ஒரே மார்க் போயிருக்கும்.

அறிகுறி: அரை மார்க் போடத் தோன்றுகிறது

நம் திட்டத்தில் அரை மார்க் கிடையாது. அப்படித் தோன்றும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான்: மாணவருக்குத் தெரிந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஆனால் தாளில் அது இருக்கிறதா என்பது உறுதியாகத் தெரியவில்லை. அப்போது உங்கள் விரலைத் தாளில் வைத்து, "இந்த மார்க்குக்கு உரிய எழுத்து இதுதான்" என்று சுட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் 1, முடியாவிட்டால் 0.

இதைக் கண்மூடித்தனமாகவும் செய்யக் கூடாது. அ1-ஐப் பாருங்கள். பலர் "தொடக்கச் செங்குத்து வேகம் சுழி" என்று எழுதவே மாட்டார்கள், நேராக `20 = ½ × 9.8 × t²` என்று தொடங்குவார்கள். வார்த்தை இல்லையே என்று 0 போட்டுவிடாதீர்கள். முழுச் சமன்பாடு `h = ut + ½ g t²`. அதில் ut விடுபட்டிருக்கிறது என்றால் u சுழி என்று எடுத்துக்கொண்டதாகத்தான் பொருள். அந்தச் சமன்பாட்டையே சுட்டிக் காட்டலாம், அதனால் அ1 உண்டு. எழுதிய ஒன்று இன்னொன்றை வைத்துக்கொண்டால்தான் சாத்தியம் என்றால், அந்த இன்னொன்றும் தாளில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். "இது தெரிந்தவருக்கு அதுவும் தெரிந்திருக்குமே" என்பது வேறு விஷயம், அது நம்முடைய ஊகம்.

அறிகுறி: ஒரே தவறுக்கு மூன்று இடத்தில் மார்க் போகிறது

ஒரு மாணவர் (அ)-வில் ½-ஐ மறந்துவிட்டு `20 = 9.8 × t²` என்று எழுதினார். நேரம் 1.43 விநாடி வந்தது. அதை வைத்து (ஆ)-வில் 21.4 மீட்டர், (இ)-யில் செங்குத்து வேகம் 14.0, மொத்த வேகம் 20.5. ஒருவர் இதற்கு 9-க்கு 4 போட்டிருந்தார். (அ)-வில் இரண்டு போயிற்று, ஆ2 போயிற்று, இ1, இ3 போயின. விடைக்குறிப்பில் உள்ள எண்களோடு மட்டும் ஒப்பிட்டால் இப்படித்தான் வரும்.

ஒரு தவறுக்கு, அது நடந்த இடத்தில் மட்டும்தான் மார்க் குறைக்க வேண்டும். (அ)-வில் அ1 உண்டு, ut இல்லை என்பதால். அ2 இல்லை, சமன்பாடு தவறு. அ3 உண்டு, தான் எழுதிய சமன்பாட்டில் மதிப்புகளைச் சரியாகவே போட்டிருக்கிறார். அ4 இல்லை. ஆக 2. (ஆ)-வில் 15 × 1.43 என்பது ஏறத்தாழ 21.4 தான், முழு 2. (இ)-யில் 9.8 × 1.43 என்பது 14.0, 15-உடன் பித்தாகரஸ் முறையில் சேர்த்தால் 20.5, முழு 3. மொத்தம் 9-க்கு 7.

இதைச் செய்ய ஒவ்வொரு தாளிலும் கால்குலேட்டரை எடுக்க வேண்டியிருக்கும், அதுதான் தொல்லை. ஆனால் மாணவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை திரும்பத் திரும்ப வருபவை. 1.43 என்று பார்த்தவுடன் 21.4, 20.5 என்ற இரண்டையும் தேடுங்கள். (அ)-வில் கிடைமட்ட வேகமான 15-ஐயே u என்று போட்டவர்களுக்கு நேரம் 1.0 விநாடி வரும், அடுத்து 15 மீட்டர், அடுத்து 24.8 செங்குத்து வேகம், 29.0 மொத்த வேகம். இந்த இரண்டு தொடர்களையும் ஒரு சீட்டில் எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டால் வேலை பாதியாகிவிடும்.

தவறான எண்ணைத் தொடர்ந்து கொண்டுபோவதற்கு மன்னிப்பு உண்டு, புதிதாகச் செய்யும் தவறுக்கு இல்லை. 1.43-ஐ வைத்துக்கொண்டு (ஆ)-வில் 24.1 என்று எழுதினால் ஆ2 போய்விடும். தசமப் புள்ளி நழுவி நேரம் 202 விநாடி, தூரம் 3030 மீட்டர் என்று வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டீர்கள். நம்ப முடியாத எண்ணுக்கு மார்க் தரக் கூடாது என்று சில தேர்வுகளில் விதி உண்டு. நம் திட்டத்தில் இல்லை, அதனால் ஆ1, ஆ2 இரண்டும் தரவும். எனக்கும் கை கூசத்தான் செய்கிறது.

முழுமையாக்கல் பற்றிய சந்தேகத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். நேரத்தை 2.0 என்று எடுத்தவருக்கு (இ)-யில் 24.7 வரும், 2.02 என்று எடுத்தவருக்கு 24.8 வரும், சிலர் கடைசியில் 25 என்று எழுதுவார்கள். மூன்றும் சரி. அலகு விடுபட்டால் கேள்வி முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு முறை, முதலில் விடுபட்ட இடத்தின் விடை மார்க்கைக் குறைக்கவும்.

அறிகுறி: கடைசி எண் சரி, ஆனால் நடுவில் ஏதோ இடிக்கிறது

இந்தக் கேள்வியில் மிகவும் ஆபத்தான இடம் இதுதான். கேள்வி எழுதும்போதே நான் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை.

(இ)-க்கு 24.8 என்ற விடை நான்கு விதமாக வருகிறது. முதல் மாணவர் விடைக்குறிப்பில் உள்ளபடி 19.8-ஐயும் 15-ஐயும் பித்தாகரஸ் முறையில் சேர்த்தார். அவருக்கு 3, பேச்சே இல்லை.

இரண்டாவது மாணவர் ஆற்றல் அழிவின்மையைப் பயன்படுத்தினார்: `½mv² = ½m(15)² + mg(20)`. இதிலிருந்து v² = 225 + 392 = 617, v = 24.8. செங்குத்து வேகம் என்ற பேச்சே இல்லை, பித்தாகரஸும் இல்லை. விடைக்குறிப்பை வரிக்கு வரி பார்த்து ஒருவர் இதற்கு 0 போட்டிருந்தார். இன்னொருவர், விடை சரி என்று இ3 மட்டும் கொடுத்திருந்தார். இரண்டும் தவறு. வழி வேறானாலும் இயற்பியல் சரிதான். இப்படி வந்தால் விடைக்குறிப்பின் ஒவ்வொரு வரியும் எந்த வேலைக்காக இருக்கிறது என்று கேளுங்கள். இ1 இருப்பது விழுவதால் கூடும் வேகத்தைக் கணக்கிட்டதற்காக. ஆற்றல் முறையில் அந்த வேலையை mgh செய்கிறது. இ2 இருப்பது ஏற்கெனவே இருந்த கிடைமட்ட வேகத்தையும் கணக்கில் சேர்த்ததற்காக. இங்கே ½m(15)² அதைச் செய்கிறது. எனவே 3.

இப்படிப் பொருத்திப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. ஆற்றல் முறையில் இறங்கி, தொடக்க இயக்க ஆற்றலை மறந்து `½mv² = mgh` என்று எழுதியவருக்கு 19.8 வரும். விடைக்குறிப்பின் வழியில் போய், செங்குத்து வேகம் 19.8 என்று கண்டுபிடித்து அதோடு நின்றவருக்கும் அதே எண்தான். இருவரும் மறந்தது ஒரே விஷயத்தை. இருவருக்கும் இ1 மட்டும், அதாவது 1. வழி வேறு என்பதற்காக ஒருவருக்குக் கூடவும் குறையவும் கூடாது.

மூன்றாவது மாணவர்தான் பொறி. அவர் (அ)-விலேயே 15-ஐச் செங்குத்துத் திசையில் வைத்துவிட்டார்: `20 = 15t + 4.9t²`, நேரம் 1.0 விநாடி. பிறகு (இ)-யில் `v = 15 + 9.8 × 1.004 = 24.8` என்று எழுதி, அதையே மோதும் வேகம் என்று முடித்துவிட்டார். விடைக்குறிப்பில் உள்ள அதே எண்! பந்தைக் கீழ்நோக்கி 15 வேகத்தில் எறிந்தாலும், கிடைமட்டமாக எறிந்தாலும், தரையில் மோதும் வேகம் ஒன்றுதான் என்பதால் இப்படி ஆகிறது. கடைசி எண்ணை மட்டும் பார்த்துப் போகிறவர் 3 போட்டுவிடுவார். சோதனைத் தாள்களில் ஐந்தில் இரண்டு பேர் போட்டிருந்தீர்கள்.

இவருக்கு என்ன தருவது? 15-ஐத் தவறான திசையில் வைத்ததற்கு (அ)-வில் அ1, அ4 இரண்டும் ஏற்கெனவே போய்விட்டன. அந்தத் தவறைக் கொண்டுபோய்ச் செங்குத்து வேகம் கணக்கிட்டது சரி, இ1 உண்டு. கிடைமட்டக் கூறைச் சேர்க்கவே இல்லை, இ2 இல்லை. இ3 விடைக்குறிப்பிலேயே இ2-ஐச் சார்ந்தது, எனவே அதுவும் இல்லை. (இ)-க்கு 1. தன் வழியிலேயே ஒழுங்காகப் போயிருந்தால் அவருக்கு 29.0 வந்திருக்க வேண்டும், அப்போது 3 கொடுத்திருப்போம். "சரியான எண் எழுதியவருக்கு 1, தவறான எண் எழுதியவருக்கு 3" என்பது கேட்க விசித்திரமாகத்தான் இருக்கும். மாணவர் வந்து கேட்டால் இந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

நான்காவதுதான் உண்மையான இழுபறி. ஒரு சொல்லும் இல்லாமல், `v² = u² + 2as = 225 + 392`, v = 24.8. இவர் மனதில் இருந்தது ஆற்றல் முறையா, இரண்டு கூறுகளைச் சேர்ப்பதா, இல்லை மூன்றாவது மாணவரைப் போலத் திசையைக் குழப்பியதா? தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. விரலை வைத்துப் பார்த்தேன். 392 என்பது செங்குத்து வேகத்தின் வர்க்கம், அதைச் சுட்டிக் காட்டலாம், இ1 உண்டு. 225-ஐச் சுட்டி, "கிடைமட்டக் கூறைச் சேர்த்திருக்கிறார்" என்று சொல்ல முடியவில்லை. u என்ற எழுத்து அங்கே இருப்பதால் அது தொடக்கச் செங்குத்து வேகமாகவும் இருக்கலாம். எனவே 1. ஆனால் ஆற்றல் என்ற ஒரு சொல்லோ, `v² = vx² + vy²` என்ற வரியோ, இரண்டு அம்புகள் போட்ட ஒரு சின்னப் படமோ பக்கத்தில் இருந்தால் 3.

இந்த முடிவு கறாராகப் படலாம். 3 தரலாம் என்று உங்களில் இருவர் வாதிட்டதும் நியாயம்தான், நானும் ஒரு நாள் யோசித்தேன். ஆனால் இதற்கு 3 கொடுத்தால் மூன்றாவது மாணவருக்கு 1 போடுவதை நியாயப்படுத்த முடியாது. முடிவு பிடிக்காவிட்டாலும் எல்லாத் தாளிலும் இதையே போடுங்கள். உங்களில் ஒருவர் மட்டும் இரக்கப்பட்டு 3 போட்டால், அவர் கையில் தாள் போய்ச் சேர்ந்த மாணவர்களுக்கு மட்டும்தான் அந்த இரக்கம் கிடைக்கும்.

அறிகுறி: சரியான வரியும் தவறான வரியும் ஒரே விடையில்

(ஈ)-யில் சிலர் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடுவார்கள், ஏதாவது ஒன்று மாட்டாதா என்று. இதில் இரண்டு வகை உண்டு.

சரியான கருத்தோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் எழுதியிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். "பந்தின் நிறை எதுவானாலும் இப்படித்தான்" என்று ஒருவர் சேர்த்திருந்தார். கேட்காத விஷயம், ஆனால் தவறில்லை. மார்க் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

தான் எழுதிய சரியான கருத்தையே மறுக்கிற மாதிரி இன்னொன்றை எழுதியிருந்தால், மறுக்கப்பட்ட அந்த வரிக்கு மட்டும் மார்க் இல்லை. உதாரணம்: "புவியீர்ப்பு முடுக்கம் மாறவில்லை, அதனால் நேரம் மாறாது. ஆனால் வேகமாக எறிந்தால் பந்து காற்றில் கொஞ்சம் கூடுதலாக மிதக்கும்." முதல் வாக்கியத்தில் ஈ2 இருக்கிறது, அது அப்படியே நிற்கும். இரண்டாவது வாக்கியம் ஈ1-ஐ மறுக்கிறது. முன்னால் எங்காவது ஈ1 எழுதியிருந்தாலும் அது ரத்து. மொத்த விடையையும் சுழியாக்க வேண்டாம்.

அடித்துவிட்டு வேறு எழுதியிருந்தால் அடித்ததைப் படிக்காதீர்கள். அடித்துவிட்டு அதற்குப் பதில் எதுவுமே எழுதாமல் விட்டிருந்தால், படிக்க முடிகிற அளவில் இருந்தால் அதைத் திருத்தலாம்.

அறிகுறி: காலையில் கறாராகப் போட்டது மாலையில் தாராளமாகிவிட்டது

இது தானாகத் தெரியாது, தேடிப் பார்த்தால்தான் தெரியும். சிலருக்குப் போகப் போகக் கை தளரும், சிலருக்கு அதே தவறை நாற்பதாவது முறை பார்க்கும் எரிச்சலில் இறுகும். நன்றாக எழுதப்பட்ட ஒரு தாளுக்கு அடுத்து வரும் சுமாரான தாள் இன்னும் மோசமாகத் தெரிவதும் உண்டு.

கண்டுபிடிக்க ஒரு வழி: 25 தாள் ஆனதும், முதல் ஐந்து தாள்களிலிருந்து ஒன்றை எடுத்து, போட்ட மார்க்கை ஒரு துண்டுத் தாளால் மறைத்துவிட்டு மறுபடி திருத்துங்கள். இதற்காகவே மார்க்கை விடையின் நடுவில் எழுதாமல் ஓரத்தில் எழுதச் சொல்கிறேன். ஒரு வரியில் மாறினாலும் எந்த வரி என்று குறித்துக்கொண்டு, இன்னும் இரண்டு தாளில் அந்த வரியை மட்டும் சோதியுங்கள். அங்கேயும் மாறினால் இடைப்பட்ட 25 தாள்களிலும் அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும். முழுத் தாளையும் பார்க்கத் தேவையில்லை, அரை மணி நேர வேலைதான்.

வராமல் தடுக்க, தாள்தாளாகத் திருத்தாமல் பகுதிபகுதியாகத் திருத்துங்கள். எல்லோருடைய (அ)-வையும் முடித்துவிட்டு (ஆ)-வுக்குப் போங்கள். (இ)-யின் மூன்றாவது மாணவர் மாதிரி ஆட்களுக்கு மட்டும் (அ)-வைத் திரும்பிப் பார்க்க வேண்டிவரும், பரவாயில்லை. ஒரு சுற்று முடிந்ததும் கட்டைக் கலைத்து வரிசையை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எப்போதும் கடைசியில் வருபவர் ஒருவரே ஆகிவிடுவார்.

அறிகுறி: கூட்டிப் பார்த்தால் தேர்ச்சிக்கு ஒரு மார்க் குறைகிறது

கூட்டாதீர்கள். கூட்டல் என் வேலை. கூட்டிய பிறகு திரும்பிப் போய் ஒரு மார்க் தேடினால் கிடைத்துவிடும், எந்தத் தாளிலும் கிடைக்கும். அதே மாதிரி தேடாமல் விட்டவருக்கு அது கிடைத்திருக்காது. தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் இரண்டு மார்க்குக்குள் இருக்கும் எல்லாத் தாள்களையும் நானும் இன்னொருவரும் மொத்தம் தெரியாத மாதிரி மறைத்து மறுபடி பார்ப்போம். மேலே இருப்பவர்களையும் சேர்த்துப் பார்ப்பதால் சிலருக்குக் குறையவும் செய்யும்.

அறிகுறி: பாதி திருத்திய பிறகு புது முடிவு வருகிறது

இது கட்டாயம் நடக்கும். அதற்காகத்தான் பொதுவான ஷீட் ஒன்று திறந்து வைத்திருக்கிறேன். புதிதாக ஓர் இழுபறி வந்தால் மாணவர் எழுதியதை உள்ளபடி அதில் இடுங்கள், உங்கள் விளக்கத்தை அல்ல. "கிட்டத்தட்ட ஈ1 மாதிரி எழுதியிருக்கிறார்" என்று இட்டால் என்னால் எதுவும் சொல்ல முடியாது. ஒரு பதிவு இப்படி இருக்க வேண்டும்:

```
வரி      : இ2
விடை     : v² = u² + 2as = 225 + 392, வேறு சொல் இல்லை
முடிவு    : இ1 உண்டு, இ2 இல்லை, இ3 இல்லை
விதிவிலக்கு: ஆற்றல் / vx, vy / படம் இருந்தால் மூன்றும் உண்டு
தாள்கள்   : 014, 037, 052
```

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். என் பதில் வரும்வரை அந்த வரிக்கு மார்க் போடாமல் தாளின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு, எண்ணை அங்கே எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முடிவு வந்ததும் அந்தத் தாள்களை மட்டும் எடுத்தால் போதும். எண் எழுதாவிட்டால் 180 தாளையும் மறுபடி புரட்ட வேண்டும். போன முறை அப்படிப் புரட்டியது நான்தான்.

தினமும் மாலை ஆறு மணிக்கு ஷீட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் முடிவு எழுதிவிடுவேன். மறுநாள் திருத்தத் தொடங்கும் முன் புது வரிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். நாளை முதல் (அ)-வைத் தொடங்கலாம். (இ)-யை மட்டும் வியாழக்கிழமை வரை தொடாதீர்கள், அந்த நான்கு வகை விடைகளையும் வைத்துப் புதிதாக ஆறு தாள் தயார் செய்து அனுப்புகிறேன்.